கடைசி இரண்டு இலக்கம் மட்டும் 00 ஆகிவிடுகிறது: பார்சல் ஐடி எங்கே மாறுகிறது?

உபி_சரவணன் · செவ்வாய், இரவு 9.42

வணக்கம். மூன்று நாளாக மண்டையைக் குடைகிற ஒரு விஷயம். சிங்கப்பூர் உபியில் ஒரு சின்ன அலுவலகம் எங்களுடையது. கடைக்காரர்களின் பார்சல் எங்கே போகிறது என்று காட்டும் மென்பொருள் செய்கிறோம். சர்வர் ஜாவா, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், ஐடி நெடுவரிசை `bigint`. 2022 முதல் கைபேசிச் செயலி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம்தான் கடைக்காரர்களுக்காக ஒரு வலைப்பக்கம் செய்து வெளியிட்டோம். அது என் பொறுப்பு.

பட்டியல் பக்கம் ஒழுங்காக வருகிறது. ஒரு பார்சலைத் தட்டினால் ‘பார்சல் கிடைக்கவில்லை’ என்கிறது. டேட்டாபேஸில் இருக்கும் ஐடி 412908337651482627. பிரவுசரின் முகவரிப் பட்டையில் நிற்பது 412908337651482600. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் போய்விட்டது. சோதனைச் சர்வரில் ஒருமுறைகூட இப்படி வந்ததில்லை.

பேக்எண்ட் பையன் மேல்தான் எனக்குச் சந்தேகம். `curl` போட்டு `jq`-வில் பார்த்தேன், அங்கேயும் வால் தப்பாகத்தான் இருந்தது. அவனிடம் சொன்னேன். ‘என் சர்வர் சரியாகத்தான் அனுப்புகிறது’ என்று சத்தியம் செய்கிறான். இரண்டு நாளாக இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, மேசையோ பக்கத்துப் பக்கத்து மேசை. யார் சொல்வது சரி?

கோட்_கார்த்தி · செவ்வாய், இரவு 9.58

இது தெரிந்த விஷயம்தான், அண்ணே. ஜாவாஸ்கிரிப்டில் எண் எல்லாமே மிதவைப்புள்ளி. பெரிய எண்ணைத் தாங்காது. `BigInt` போடுங்கள், முடிந்தது. `JSON.parse`-க்கு இரண்டாவதாக ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாம்:

```js
JSON.parse(text, (k, v) => k === 'id' ? BigInt(v) : v)
```

இரண்டு நிமிட வேலை.

மீனா_உட்லண்ட்ஸ் · செவ்வாய், இரவு 10.20

நான் கணக்குப் பிரிவு, புரோகிராம் எல்லாம் தெரியாது. ஆனால் இந்த நோய் எனக்குப் பழக்கம்! ஒவ்வொரு மாதமும் கூரியர்காரர்கள் அனுப்பும் கோப்பை எக்செலில் திறந்தால் 18 இலக்க எண் `4.12908E+17` என்று சுருங்கிப் போய் நிற்கும். அகலப்படுத்திப் பார்த்தால் கடைசியில் மூன்று பூஜ்யம். அப்படியே சேமித்துவிட்டால் பழைய எண் திரும்ப வராது. ஒருமுறை நான் சேமித்துவிட்டு, மேனேஜர் கேட்டபோது திருதிருவென்று விழித்தேன். இப்போதெல்லாம் கோப்பை நேரடியாகத் திறப்பதில்லை. இறக்குமதி செய்யும்போதே அந்த நெடுவரிசையை எழுத்து என்று குறித்துவிடுகிறேன். நீங்களும் எக்செல் வழியாகப் போகிறீர்களா?

உபி_சரவணன் · செவ்வாய், இரவு 10.31

எக்செல் இல்லை, அக்கா. சர்வரிலிருந்து நேராக பிரவுசருக்கு. ஆனால் பூஜ்யம் வருவது அதே மாதிரிதான் இருக்கிறது.

நள்ளிரவு_டிப்ளாய் · செவ்வாய், இரவு 11.05

`bigint`-ஐ `numeric` ஆக மாற்றிப் பாருங்கள். டேட்டாபேஸில் இடம் போதவில்லையோ என்னவோ.

பழைய_கோப்பி · புதன், காலை 6.50

எம்ஆர்டியில் இருந்து எழுதுகிறேன், சுருக்கமாக. டேட்டாபேஸைத் தொடாதீர்கள். `bigint` 9 என்று தொடங்கும் 19 இலக்கம் வரை தாங்கும், உங்கள் எண் 18 இலக்கம்தான்.

சரவணன், முதலில் ஒன்று சொல்லுங்கள். உங்கள் `jq` என்ன பதிப்பு? 1.6 அல்லது அதற்கு முந்தையது என்றால் அதன் சாட்சி செல்லாது. ஜாவாஸ்கிரிப்ட் எப்படி எண்ணை வைத்துக்கொள்கிறதோ அப்படியேதான் அதுவும் வைத்துக்கொள்ளும். 1.7-இல்தான், நீங்கள் கணக்குப் போடாத வரைக்கும், வந்த எண்ணை வந்தபடியே வெளியே தள்ளக் கற்றுக்கொண்டது. `jq`-வை எடுத்துவிட்டு வெறும் `curl` போட்டுப் பாருங்கள்.

பிரவுசரிலும் இதே பொறி உண்டு. குரோமின் `Network` பகுதியில் அந்த அழைப்பைத் தட்டினால் `Preview` என்றும் `Response` என்றும் இரண்டு தாவல் இருக்கும். `Preview` ஜேசனைப் பிரித்துவிட்டுக் காட்டுவது, அதனால் அதில் வால் மாறியிருக்கும். `Response` வந்த எழுத்தை அப்படியே காட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் உங்கள் சண்டை தீர்ந்துவிடும்.

உபி_சரவணன் · புதன், காலை 10.12

`jq` 1.6-தான். வெறும் `curl`-இல் 412908337651482627 என்று சுத்தமாக வருகிறது. `Response` தாவலில் 627, பக்கத்திலேயே `Preview` தாவலில் 600. மூன்று நாளாக நான் `Preview`-வைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே இறங்கிப் போய் அவனுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டேன். கோப்பியைக் குடித்துவிட்டுத்தான் பேசினான்.

ஆனால் கார்த்தி சொன்னதைப் போட்டுப் பார்த்ததில் இன்னும் குழம்பிவிட்டேன். `BigInt` போட்டால் 627 வரவில்லை. 600-உம் வரவில்லை. 412908337651482624 என்று வருகிறது! இது மூன்றாவது எண். இது எங்கிருந்து முளைத்தது?

கோட்_கார்த்தி · புதன், காலை 10.40

அப்படி வரக்கூடாதே. `BigInt`-க்கு எல்லையே கிடையாது. வேறு எங்கோ மாற்றுகிறீர்கள்.

பழைய_கோப்பி · புதன், மதியம் 1.15

மதிய இடைவேளை, இப்போது விரிவாக எழுதலாம்.

கார்த்தி, `BigInt`-க்கு எல்லை இல்லைதான். ஆனால் நீங்கள் கொடுத்த ஃபங்ஷனுக்குள் `v` வந்து சேரும்போது அது ஏற்கெனவே எண்ணாகிவிட்டது. பிரிக்கும் வேலை முதலில், உங்கள் ஃபங்ஷன் அப்புறம். சிந்திய பாலை எவ்வளவு பெரிய பாத்திரத்தில் பிடித்தால் என்ன?

இப்போது சரவணனின் மூன்று எண்கள். ஜாவாஸ்கிரிப்ட் எண்ணுக்கு உள்ளே மொத்தம் 64 பிட், அதில் இலக்கங்களை நினைவில் வைக்க 53 பிட்தான். 9007199254740991 வரை ஒவ்வொரு முழு எண்ணுக்கும் தனித்தனியாக ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் ஒன்றுவிட்டு ஒன்றுக்குத்தான் நிறுத்தம். எண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் இடைவெளியும் இரட்டிப்பாகும்: 4, 8, 16, 32. உங்கள் ஐடி இருக்கும் வட்டாரத்தில் 64 எண்ணுக்கு ஒரு நிறுத்தம். நடுவில் உள்ளவர்கள் எல்லாரும் பக்கத்து நிறுத்தத்தில்தான் இறங்க வேண்டும்.

காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் 64-ஆல் மீதியில்லாமல் வகுபடும், அதனால் கடைசி ஆறு இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். 482627-ஐ 64-ஆல் வகுத்தால் ஈவு 7541, மீதி 3. மூன்று அடி பின்னால் 482624-இல் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அடுத்தது 482688, அது 61 அடி தூரம். ஆக உங்கள் எண் 624-இல் இறங்கிவிட்டது. நினைவகத்தில் உண்மையில் இருப்பது அதுதான். `BigInt` அதைத்தான் உள்ளது உள்ளபடி சொன்னது.

அப்படியென்றால் 600? அது அச்சிடும்போது வருவது. எண்ணை எழுத்தாக்கும்போது ஜாவாஸ்கிரிப்ட், அந்த நிறுத்தத்தை வேறெதனுடனும் குழப்பாத மிகக் குறைந்த இலக்கங்களைத் தேடுகிறது. 600 என்பது 624-இலிருந்து 24 தூரம், பாதி இடைவெளியான 32-க்குள் அடங்கிவிடுகிறது. அதனால் 412908337651482600 என்று எழுதினாலும் திரும்பப் படித்தால் அதே நிறுத்தத்துக்குத்தான் வரும். ‘4129083376514826 போதும், மிச்சத்துக்கு இரண்டு பூஜ்யம்’ என்று முடித்துக்கொள்கிறது. கன்சோலில் போட்டுப் பாருங்கள்:

```js
const n = JSON.parse('412908337651482627');
String(n)      // "412908337651482600"
n.toFixed(0)   // "412908337651482624"
BigInt(n)      // 412908337651482624n
```

பிரவுசருக்குள்ளேயே சுற்றும் வரை இந்த வித்தியாசம் தெரியாது, 600-உம் 624-உம் அதற்கு ஒன்றுதான். முகவரியில் 600 என்று எழுதி உங்கள் ஜாவா சர்வருக்கு அனுப்பும்போதுதான் அகப்படுகிறது. ஜாவாவின் `Long` எல்லா இலக்கத்தையும் நம்பும். 600 என்று கேட்டால் 600-ஐத்தான் தேடும். அப்படி ஒரு பார்சல் இல்லை.

உபி_சரவணன் · புதன், மதியம் 2.03

அண்ணே, இதைப் படித்ததும் இன்னொன்று புரிந்தது. போன வாரம் தேக்காவில் இருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். ‘ஒரு பார்சலுக்கு டிக் போட்டால் ஐந்துக்கும் டிக் விழுகிறது’ என்றார். நான் அவர் திரையை இரண்டு முறை தட்டியிருப்பார் என்று நினைத்து, சரி பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவருடைய வரிசையைப் பார்க்கிறேன். ஐந்து பார்சலையும் ஒரே கோப்பாக ஏற்றியிருக்கிறார். ஐடிகள் 624, 625, 626, 627, 628 என்று முடிகின்றன. கன்சோலில் ரியாக்ட் பலமுறை `Encountered two children with the same key` என்று கத்தியிருக்கிறது. நான் அதை மற்ற எச்சரிக்கையோடு எச்சரிக்கையாக விட்டுவிட்டேன்.

பழைய_கோப்பி · புதன், மதியம் 2.20

அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஐந்து பேரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள், பிரவுசருக்கு அவர்கள் ஒரே ஆள். ‘கிடைக்கவில்லை’ என்று வந்தால்கூடப் பரவாயில்லை, யாராவது புகார் செய்வார்கள். ஒருவர் பார்சலுக்குப் பதில் இன்னொருவர் பார்சலில் டிக் விழுவதுதான் மோசம்.

உங்கள் ஐடி எப்படி உருவாகிறது? நேரம், இயந்திர எண், வரிசை எண் என்று பிட்களை ஒட்டிச் செய்வதா?

உபி_சரவணன் · புதன், மதியம் 2.41

ஆமாம், ஸ்னோஃபிளேக் முறை. 41 பிட் நேரம், 10 பிட் இயந்திரம், 12 பிட் வரிசை. நேரம் 2022 ஜனவரி 1-இலிருந்து மில்லிவினாடியில் எண்ணுகிறோம். சோதனைச் சர்வரில் மட்டும் 1001, 1002 என்று கையால் போட்ட ஐடிகள். அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது.

பழைய_கோப்பி · புதன், மதியம் 2.55

அதேதான். உங்கள் 627-இல் வரிசை எண் 3, 624-இல் வரிசை எண் 0. ஒரே மில்லிவினாடியில் பிறந்த ஐந்து பிள்ளைகள். மொத்தமாக ஏற்றும் கடைகளில்தான் இந்த மோதல் வரும். ஒன்றொன்றாகச் சேர்ப்பவர்களுக்கு ‘கிடைக்கவில்லை’ மட்டும் வரும்.

கோட்_கார்த்தி · புதன், மாலை 6.30

சரி, `BigInt` விஷயத்தில் நான் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று இடிக்கிறது. எங்கள் இடத்திலும் இதே ஸ்னோஃபிளேக்தான், ஐடியை எண்ணாகத்தான் அனுப்புகிறோம். சர்வீஸ் தொடங்கி இரண்டு வாரம் ஆகிறது, இதுவரை ஒரு புகாரும் இல்லை. சோதனையில் கையால் போட்ட ஐடியும் இல்லை, நிஜமானவைதான்.

பழைய_கோப்பி · புதன், மாலை 6.52

நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள்?

கோட்_கார்த்தி · புதன், மாலை 6.55

சர்வீஸ் தொடங்கிய நாளிலிருந்து. வீணாக்கக்கூடாது என்று.

பழைய_கோப்பி · புதன், மாலை 7.10

அப்படியானால் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இயந்திரமும் வரிசையும் சேர்ந்து 22 பிட் எடுத்துக்கொள்கின்றன. 53-இல் 22 போனால் நேரத்துக்கு மிச்சம் 31 பிட். 2-இன் 31-ஆம் அடுக்கு மில்லிவினாடி என்றால் 24 நாள் 20 மணி நேரம். அதுவரை உங்கள் ஐடி எல்லாம் பத்திரமான எல்லைக்குள் இருக்கும், எவ்வளவு சோதித்தாலும் பிழை வராது. 25-ஆம் நாள் எல்லையைத் தாண்டும். முதலில் ஒற்றைப்படை எண் மட்டும் ஒன்று தள்ளிப்போகும், அப்புறம் மாதம் போகப் போக இடைவெளி பெருகும். உங்களுக்கு இன்னும் பத்து நாள் சொச்சம் இருக்கிறது.

கோட்_கார்த்தி · புதன், மாலை 7.12

ஐயோ.

நள்ளிரவு_டிப்ளாய் · புதன், இரவு 11.48

நான் பேக்எண்ட்காரன், என் இனத்துக்காகப் பேசுகிறேன். ஜேசன் இலக்கணத்தில் எண்ணுக்கு நீள வரம்பே கிடையாது. ஜாவா எழுதுகிறது, பைத்தான் அப்படியே படிக்கிறது, போஸ்ட்கிரெஸ் அப்படியே வைக்கிறது. ஒரே ஒரு மொழி படிக்கத் தெரியாமல் விழுகிறது. அதற்காக நாங்கள் ஏன் எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு அனுப்ப வேண்டும்? குறை எங்கே இருக்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள்.

பழைய_கோப்பி · வியாழன், காலை 6.48

இலக்கணம் வரம்பு வைக்கவில்லை, சரிதான். ஆனால் அதே 2017-ஆம் ஆண்டு ஆர்எஃப்சி 8259-ஐ இன்னும் கொஞ்சம் கீழே படித்தால், எல்லா மென்பொருளும் ஒரே மதிப்பாகப் புரிந்துகொள்ளும் என்று நம்பக்கூடிய முழு எண்களின் எல்லையையும் சொல்லியிருக்கிறது. அது இந்த 2-இன் 53-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்த எண்தான். புரோட்டோபஃப்காரர்கள் தங்கள் ஜேசனில் `int64`-ஐ எழுத்தாகத்தான் எழுதுகிறார்கள். டிவிட்டர் 2010-இல் ஸ்னோஃபிளேக்குக்கு மாறியபோது `id` பக்கத்தில் `id_str` என்று இன்னொன்றைச் சேர்த்தது இதே காரணத்துக்காகத்தான். நீங்கள் சொல்லும் ‘ஒரே ஒரு மொழி’ எல்லார் பிரவுசரிலும் ஓடுகிற மொழி, தம்பி.

மீனா_உட்லண்ட்ஸ் · வியாழன், காலை 9.05

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு ஒன்று புரியவில்லை. அதை ஏன் எண் என்றே வைத்திருக்கிறீர்கள்? மரினா பே பக்கத்து அஞ்சல் குறியீடு 018956. எண் என்று போட்டால் எக்செல் முன்னாலுள்ள பூஜ்யத்தைத் தின்றுவிடும், கடிதம் போகாது. அதனால் நாங்கள் அஞ்சல் குறியீட்டை எழுத்தாகத்தான் வைப்போம். இரண்டு அஞ்சல் குறியீட்டைக் கூட்டி யாருக்கு என்ன ஆகப்போகிறது? பார்சல் எண்ணும் அப்படித்தானே?

பழைய_கோப்பி · வியாழன், காலை 9.30

அக்கா, மூன்று நாளாக நாங்கள் சுற்றி வளைத்ததை நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

உபி_சரவணன் · வியாழன், மதியம் 12.10

எங்கள் பையனிடம் கேட்டேன், ஒரு வரி போட்டால் போதும் என்கிறான்:

```java
@JsonSerialize(using = ToStringSerializer.class)
private Long id;
```

திரும்பி வரும்போது எழுத்தாக வந்தாலும் ஜாக்சன் `Long` ஆக்கிக்கொள்ளுமாம். டேட்டாபேஸில் ஒன்றும் மாறாது. எல்லா `Long`-க்கும் மொத்தமாக இதையே போட்டுவிடலாமா என்று கேட்கிறான்.

பழைய_கோப்பி · வியாழன், மதியம் 12.25

மொத்தமாக வேண்டாம். எண்ணிக்கை, காசு எல்லாம்கூட `Long`-இல்தான் வைத்திருப்பீர்கள். அவையும் எழுத்தாகிவிட்டால் பக்கத்தில் `total + 1` என்று எங்காவது எழுதியிருப்பீர்கள், 3-உம் 1-உம் சேர்ந்து 31 ஆகும். ஐடிக்கு மட்டும் போடுங்கள்.

நள்ளிரவு_டிப்ளாய் · வியாழன், மதியம் 12.50

இங்கே நான் ஒத்துப்போக மாட்டேன். ஒவ்வொரு வகுப்பிலும் நினைவு வைத்துப் போட வேண்டும் என்றால் ஆறு மாதத்தில் புதிதாக வரும் ஒருவர் கட்டாயம் மறப்பார். மொத்தமாகப் போட்டுவிட்டு, எண்ணிக்கைக்கு `Integer` பயன்படுத்துங்கள். 31 ஆனால் அன்றே தெரியும். ஐடி கெட்டால் தேக்காவில் இருந்து போன் வரும்போதுதான் தெரியும்.

தெம்பனிஸ்_ஃபர்ஹானா · வியாழன், மதியம் 1.32

நில்லுங்கள் நில்லுங்கள். கைபேசிச் செயலி 2022 முதல் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்களே. ஐஃபோன் பக்கம் ஸ்விஃப்டில் அந்த `id`-யை `Int64` என்று எழுதியிருப்பார்கள். இதுவரை பிழை வராததற்குக் காரணமே அதுதான், அது 64 பிட்டையும் முழுதாக வைத்துக்கொள்ளும். நாளைக்கு நீங்கள் எழுத்தாக அனுப்பினால் `typeMismatch` என்று அந்தச் செயலி விழுந்துவிடும். பார்சல் பட்டியலே வராது.

எல்லாரும் உடனே புதுப்பிப்பார்கள் என்று நம்பாதீர்கள். எங்கள் இடத்தில் இதே மாதிரி ஒரு புலத்தின் வகையை மாற்றிவிட்டு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க உட்கார்ந்திருந்தோம். செயலியைப் புதுப்பிக்கவே தெரியாத வாகன ஓட்டுநர்கள் இருக்கிறார்கள்.

உபி_சரவணன் · வியாழன், மதியம் 1.50

சரியான நேரத்தில் சொன்னீர்கள், ஃபர்ஹானா. செயலிக்காரரிடம் கேட்டேன், `Int64`-தான். மாலை ஐந்து மணிக்கு வெளியிடுவதாக இருந்தோம்.

கோட்_கார்த்தி · வியாழன், மாலை 4.15

சர்வரைத் தொடாமலே ஒரு வழி இருக்கிறது, இந்த முறை சோதித்துவிட்டு எழுதுகிறேன். அதே ஃபங்ஷனுக்குப் புதிதாக மூன்றாவது ஒன்று வருகிறது, அதில் பிரிப்பதற்கு முந்தைய மூல எழுத்து இருக்கும்:

```js
JSON.parse(text, (k, v, ctx) => k === 'id' ? ctx.source : v)
```

குரோம் 114 முதல் இருக்கிறது. எனக்கு `"412908337651482627"` என்று முழுதாக வந்தது. `response.json()` வேண்டாம், `response.text()` வாங்கி நாமே பிரிக்க வேண்டும்.

பழைய_கோப்பி · வியாழன், மாலை 6.40

அருமை, இது சரியான வழி. ஆனால் கடைக் கல்லாவில் இருக்கும் பழைய டேப்லெட்டுகளில் `ctx` இருக்காது, அங்கே பக்கமே விழும். அந்தக் கருவிகள் எத்தனை என்று சரவணனுக்குத்தான் தெரியும். நான் என்றால் டிவிட்டர் செய்ததையே செய்வேன். `id` இருந்தபடி எண்ணாகவே இருக்கட்டும், பக்கத்தில் `id_str`. வலைப்பக்கம் இரண்டாவதை மட்டும் தொட வேண்டும்.

உபி_சரவணன் · வெள்ளி, காலை 11.20

`id_str` வெளியிட்டாயிற்று. பட்டியல், டிக், எல்லாம் சரி. ஐந்து பார்சலும் ஐந்தாக நிற்கின்றன. ஆனால் விவரப் பக்கத்தில் மட்டும் இன்னும் 600 வருகிறது! முகவரிப் பட்டையில் 627 சரியாக இருக்கிறது. சர்வருக்குப் போகும் அழைப்பில் 600.

பழைய_கோப்பி · வெள்ளி, காலை 11.31

அந்தப் பக்கத்துக் கோடில் `Number(`, `parseInt(` இரண்டையும் தேடுங்கள். ஐடிக்கு முன்னால் தனியாக ஒரு `+` குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உபி_சரவணன் · வெள்ளி, காலை 11.44

```js
const id = Number(params.id);
```

நானே எழுதியது. டைப்ஸ்கிரிப்ட் `id: number` என்று கேட்டது, சிவப்புக் கோடு போகட்டும் என்று போட்டேன். இப்போது எல்லா இடத்திலும் `string` ஆக்கிவிட்டேன். இன்னும் மூன்று இடத்தில் சிக்கியது.

கடைசியாக ஒரு கேள்வி. கடைக்காரர்கள் சில பார்சலை ‘கவனிக்க வேண்டியவை’ என்று குறித்து வைக்கலாம். அது வலைப்பக்கத்திலிருந்துதான் சேமிக்கிறது. ஒரு மாதமாக அந்த அட்டவணையில் விழுந்தது எல்லாமே 600 மாதிரி கெட்ட ஐடிகள். மொத்தம் 41 வரிசை. மீட்க முடியுமா, எல்லாவற்றையும் அழித்துவிடவா?

பழைய_கோப்பி · வெள்ளி, மதியம் 1.05

அழிக்காதீர்கள். எந்த நிறுத்தம் என்று தெரியும், அதில் யாரெல்லாம் இறங்கியிருக்க முடியும் என்றும் தெரியும். கெட்ட ஐடியை `BigInt(Number(...))` போட்டு நிறுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே வேண்டுமென்றேதான் `Number` போடுகிறோம். அதிலிருந்து இரண்டு பக்கமும் 32 தூரம் தேடுங்கள்:

```sql
SELECT id FROM parcel
WHERE id BETWEEN 412908337651482592
             AND 412908337651482656;
```

ஒரே ஒரு வரிசை வந்தால் அதுதான் ஆள். கடை எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றிவிடுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் எது என்று எண்ணை வைத்துச் சொல்ல வழியே இல்லை.

நள்ளிரவு_டிப்ளாய் · வெள்ளி, மதியம் 1.20

அந்த அட்டவணையில் அயல் சாவி போட்டிருந்தால் முதல் நாளே சேமிக்க மறுத்திருக்கும். சும்மா சொன்னேன்.

உபி_சரவணன் · வெள்ளி, மாலை 5.37

சும்மா சொல்லவில்லை என்று தெரியும், பையனும் அதையேதான் சொன்னான்.

41-இல் 38-க்கு ஒரே ஒரு பார்சல்தான் வந்தது, கடையும் பொருந்தியது, மாற்றிவிட்டேன். மீதி மூன்றில் இரண்டு, ஒரு கடை மொத்தமாக ஏற்றியவை. தலா இரண்டு பார்சல், அவற்றில் ஒன்றொன்று ஏற்கெனவே கைசேர்ந்துவிட்டதால் கடைக்காரரே எது என்று சொல்லிவிட்டார். கடைசி ஒன்று தேக்கா அண்ணனுடையது. அதே ஐந்து பார்சல். எதைக் குறித்து வைத்தார் என்று கேட்டால், ‘எல்லாவற்றுக்கும்தானே டிக் விழுந்தது’ என்கிறார். நாளைக் காலை கடைக்கே போய் அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்க்கப் போகிறேன்.